புது இயந்திரம் வாங்கலாமா: பணம் எப்போது திரும்பும், மொத்தத்தில் எவ்வளவு மிஞ்சும்?

"தம்பி, ஒரே வருஷத்துல போட்ட காசு திரும்பிடுமாம். கையெழுத்துப் போடட்டுமா?"

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் முறுக்கும் மிக்சரும் தயாரிக்கும் ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய கணக்குகளைப் பல ஆண்டுகளாக நான்தான் பார்க்கிறேன். கையில் ஒரு விலைப்பட்டியல் வைத்திருந்தார். தானாக எடை போட்டு, பிளாஸ்டிக் சுருளிலிருந்து பையை உருவாக்கி, நிரப்பி, ஒட்டிக் கொடுக்கும் பேக்கிங் இயந்திரம், விலை 88,000 வெள்ளி. பட்டியலின் கடைசிப் பக்கத்தில், நான்கு பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்வார், மூன்று ஆள் செலவு மிச்சம், பன்னிரண்டு மாதத்துக்குள் பணம் திரும்பிவிடும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இயந்திரம் நல்ல இயந்திரம்தான், கணக்குதான் சரியில்லை. அந்தக் கணக்கை நாங்கள் எப்படித் திருத்தினோம் என்பதை அப்படியே சொல்கிறேன். உங்கள் தொழில் அச்சகமோ சலவையோ மாவு அரைப்போ எதுவானாலும் இதே வரிசையில் போகலாம். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

இரண்டு கேள்வி, இரண்டு பதில்

பணம் திரும்பும் காலம் என்பது, போட்ட முதலை ஆண்டுதோறும் கையில் மிஞ்சும் பணத்தால் வகுத்தால் வருவது. என் பணம் எத்தனை நாள் ஆபத்தில் கிடக்கும் என்பதை அது சொல்லும். அதற்குப் பிறகு இயந்திரம் பத்து வருடம் ஓடுமா, மறுநாளே பழுதாகிவிடுமா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

முதலீட்டு வருவாய் விகிதம் என்பது, இயந்திரத்தின் ஆயுள் முழுக்க வந்த பணத்தில் முதலைக் கழித்து, மிச்சத்தை முதலால் வகுத்தால் வருவது. இந்த முதலீடு பிரயோசனமா என்பதை அது சொல்லும். ஆனால் அந்தப் பணம் முதல் வருடம் வந்ததா ஏழாம் வருடம் வந்ததா என்று அது பார்ப்பதில்லை.

ஒன்று பாதுகாப்பைப் பற்றியது, மற்றது லாபத்தைப் பற்றியது. ஒன்றுக்குப் பதிலாக மற்றதை வைத்தால் தவறான முடிவுதான் வரும். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால், உள்ளே போடும் எண்கள் சரியாக இருக்க வேண்டும். எங்கள் நேரத்தில் முக்கால்வாசி அதிலேயே போனது.

முதல் படி: இயந்திரத்தின் உண்மையான விலை

விலைப்பட்டியலில் இருப்பது இயந்திரத்தின் விலை மட்டும். அது ஓடத் தொடங்கும் நாள்வரை கையைவிட்டுப் போகும் எல்லாப் பணமும் முதல்தான். இந்த வகை இயந்திரத்துக்கு அழுத்தக் காற்று வேண்டும். அக்காவிடம் கம்ப்ரசர் கிடையாது, அதற்கும் காற்றை உலர்த்தும் கருவிக்கும் 5,000. இறக்கி வைக்க, மேடை அமைக்க, மூன்று ஃபேஸ் மின்னிணைப்பு இழுக்க 4,500. பை இனி சுருளாக வரும் என்பதால் அதற்கான அச்சு உருளைகளைப் புதிதாகச் செய்ய 2,500. ஆக மொத்தம் ஒரு லட்சம் வெள்ளி.

ஜிஎஸ்டி 9 விழுக்காட்டை நாங்கள் சேர்க்கவில்லை. அக்காவின் நிறுவனம் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தது, கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். உங்கள் நிறுவனம் பதிவு செய்யாததாக இருந்தால் அந்த 9 விழுக்காடும் உங்கள் முதலில்தான் சேரும். 88,000 வெள்ளிக்கு அது கிட்டத்தட்ட 8,000, சின்னத் தொகை இல்லை.

இரண்டாம் படி: மிச்சம் என்று எதைச் சொல்வது

பேக்கிங் அறையில் இரண்டு நாள் போய் நின்றேன். முதலில் கண்ணில் பட்டது கைமுறுக்கு. பெரிய வட்டமாக இருக்கும் அது இயந்திரத்தின் குழாய் வழியாக விழுந்தால் உடைந்துவிடும். மிக்சர், ஓமப்பொடி, காராசேவு, சின்ன முறுக்கு எல்லாம் போகும், கைமுறுக்கை மட்டும் தட்டில் கையால்தான் அடுக்க வேண்டும். அதற்கும் பெட்டி கட்டவும் ஓர் ஆள் தேவை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஆக நான்கு பேரில் இரண்டு பேர் தொடர்ந்து வேண்டும், மீதி இரண்டு பேர்தான்.

அந்த இரண்டு பேரில் ஒருவருடைய வேலை அனுமதி முடியப்போகிறது, அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. இன்னொருவரைப் பற்றிக் கேட்டபோது அக்கா, "அவரைப் பொரிக்கிற பக்கம் போட்டுக்குவேன்" என்றார்.

"இயந்திரம் வாங்காவிட்டால் பொரிக்கிற பக்கத்துக்குப் புதிதாக ஆள் எடுத்திருப்பீர்களா, அக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை" என்றார். அப்படியானால் அது மிச்சம் இல்லை. அவருடைய சம்பளம் மாதாமாதம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆள் செலவுக் கணக்கில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். ஒருவருடைய நேரம் மிச்சமாவது வேறு, வங்கிக் கணக்கில் பணம் மிச்சமாவது வேறு. சம்பளப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போனால், அல்லது எடுக்கவிருந்த ஆளை எடுக்காமல் விட்டால், அல்லது ஓவர்டைம் குறைந்தால்தான் அது பணம்.

ஓர் ஆளுக்குச் சம்பளம், லெவி, தங்குமிடம், காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 2,500 வெள்ளி ஆகிறது. ஆண்டுக்கு 30,000. விற்பவர் மூன்று ஆளுக்கு 90,000 என்று போட்ட இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது இந்த 30,000 மட்டும்.

ஆனால் விற்பவர் கண்ணில் படாத ஒரு மிச்சமும் இருந்தது. பேக் செய்து வைத்த 200 கிராம் பைகளில் ஐம்பதை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். சராசரி, பையின் எடை நீங்கலாக, 206 கிராம். யாரும் கவனக்குறைவாக இல்லை. எடை குறைந்தால் கடைக்காரர் திட்டுவார் என்று ஒவ்வொருவரும் கடைசியில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுகிறார்கள், அவ்வளவுதான். அதே மிக்சரைக் கொண்டுபோய் விற்பவரிடம் ஓட்டிப் பார்த்தபோது சராசரி 202 வந்தது. பைக்கு 4 கிராம். நாளைக்கு 2,000 பை, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 2,400 கிலோ சரக்கு. மாவு, பருப்பு, எண்ணெய், எரிவாயு மட்டும் கணக்கில் எடுத்தால் கிலோவுக்கு 5 வெள்ளி. ஆண்டுக்கு 12,000 வெள்ளி இப்படிச் சிட்டிகை சிட்டிகையாகப் போய்க்கொண்டிருந்தது.

சுருள் பிளாஸ்டிக், ஆயத்தப் பையைவிட ஒரு காசு மலிவு. அதில் ஆண்டுக்கு 6,000. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாத ஓவர்டைமில் 4,000. எல்லாம் கூட்டினால் 52,000. புதிதாக வரும் செலவுகளை இதிலிருந்து கழிக்க வேண்டும்: பராமரிப்பும் உதிரிபாகமும் 7,500, மின்சாரம் 3,000, வீணாகும் பிளாஸ்டிக் 1,500. மொத்தம் 12,000. ஆண்டுக்குக் கையில் நிற்பது 40,000 வெள்ளி.

மூன்றாம் படி: பணம் திரும்பும் காலம்

ஒரு லட்சத்தை 40,000-ஆல் வகுத்தால் இரண்டரை ஆண்டு. பன்னிரண்டு மாதம் என்று தொடங்கிய கதை முப்பது மாதத்தில் வந்து நிற்கிறது.

அதுவும் முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் ஓடினால்தான். ஆட்கள் பழக வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் அமைப்பு பிடிபட வேண்டும். முதல் மூன்று மாதம் பாதி மிச்சம்தான் வரும் என்று வைத்தோம். அதில் 5,000 குறையும், அதை ஈடுகட்ட இன்னும் ஒன்றரை மாதம். ஆக முப்பத்தொன்றரை மாதம்.

தேய்மானத்தை இங்கே கழிக்கக் கூடாது. முதலை முழுதாக மேலே வைத்துவிட்டு, அதையே ஆண்டுதோறும் தேய்மானமாகக் கீழேயும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியது ஆகும். கணக்காளர் தரும் லாப நட்டக் கணக்கிலிருந்து எண்ணை நேரடியாக எடுப்பவர்கள் இந்தத் தவற்றைச் செய்வதுண்டு.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் வட்டியையும் பார்க்க வேண்டும். அக்காவிடம் வங்கி 7 விழுக்காடு கேட்டது. இன்று 37,400 கடன் வாங்கினால் அடுத்த வருடம் வட்டியோடு கிட்டத்தட்ட 40,000 கட்ட வேண்டும். அதனால் அடுத்த வருடம் வரும் 40,000 இன்றைய மதிப்பில் 37,400 அளவுதான், அதற்கடுத்தது 34,900. இப்படி ஒவ்வோர் ஆண்டையும் குறைத்துக் கூட்டினால் இரண்டு ஆண்டு ஆறு மாதம் என்பது இரண்டு ஆண்டு பத்து மாதமாகிறது. இந்தக் கூடுதல் நான்கு மாதம் உங்கள் முடிவை மாற்றுகிறது என்றால், அந்த முதலீடு ஏற்கெனவே ஓரத்தில்தான் நிற்கிறது என்று அர்த்தம்.

சரி, இரண்டரை ஆண்டு நல்லதா கெட்டதா? மூன்று ஆண்டுக்குள் திரும்பினால் போதும் என்று ஒரு பொது விதியை வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் தொழிலில் எது முதலில் முடிவுக்கு வரக்கூடும் என்று பார்த்து, அதோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூரில் வாடகை இடத்தில் தொழில் செய்பவருக்கு அது பெரும்பாலும் இடத்தின் ஒப்பந்தம்தான். அக்காவின் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது 28 மாதம். பணம் திரும்ப முப்பத்தொன்றரை மாதம் வேண்டும்.

இடம் மாறினால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், மின்னிணைப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கழற்றி மறுபடி பொருத்த 6,000 ஆகும் என்றார்கள். எடை போடும் தலைகள் பை செய்யும் பகுதிக்கு மேலே மேடையில் உட்காரும் என்பதால் கூரை உயரமாக இருக்க வேண்டும், எல்லா இடத்திலும் அது கிடைக்காது. அதனால் இயந்திரத்தைப் பற்றி மேலே பேசும் முன் இட உரிமையாளரிடம் போய், இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்பை எழுத்தில் வாங்கும்படி அக்காவிடம் சொன்னேன். பணம் திரும்பும் காலத்தைக் கணக்குப் போட்டதால் கிடைத்த பெரிய பயன் எங்களுக்கு இதுதான்.

நான்காம் படி: வருவாய் விகிதம், எந்த விகிதம்?

இயந்திரம் ஏழு ஆண்டு ஓடும் என்று வைத்தோம். ஏழு ஆண்டில் 2,80,000 வரும். முதல் போக மிச்சம் 1,80,000. முதலால் வகுத்தால் 180 விழுக்காடு.

அதையே ஏழால் வகுத்து ஆண்டுக்கு என்று சொன்னால் 25.7 விழுக்காடு. சில கணக்காளர்கள் தொடக்க முதலை வைக்காமல் சராசரி முதலை வைப்பார்கள். ஒரு லட்சத்தில் தொடங்கித் தேய்ந்து பூஜ்யத்துக்கு வரும் இயந்திரத்தின் சராசரி மதிப்பு 50,000. அதை வைத்தால் 51.4 விழுக்காடு. இயந்திரமும் பணமும் அதேதான், ஆனால் எண் மட்டும் மூன்று. மூன்றுமே வழக்கத்தில் உள்ளவை, மூன்றிலும் பொய் இல்லை. அதனால் யாராவது வருவாய் விகிதம் இத்தனை என்று சொன்னால், மொத்தமா ஆண்டுக்கா, எந்த முதலின் மேல், எத்தனை ஆண்டு ஆயுள் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு விற்பவர்களின் விகிதங்களை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடவே கூடாது.

ஐந்தாம் படி: இரண்டாவது இயந்திரத்தோடு மோதவிடுங்கள்

வாங்குவதா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். இதைவிடச் சின்ன வழி இருக்கிறதா என்பது மறு பாதி. அக்காவுக்கு இருந்தது. எடை போட்டுக் கொட்டும் சிறிய இயந்திரங்கள் இரண்டு, பையைக் கையால் பிடிக்க வேண்டும், பை ஒட்ட இருக்கிற கருவியே போதும். பொருத்தி முடிக்க 24,000. ஆள் குறையாது. ஆனால் சராசரி எடை 203-க்கு வரும், ஓவர்டைம் போகும். பராமரிப்புப் போக ஆண்டுக்கு 12,000 மிச்சம். ஆயுள் ஐந்து ஆண்டு.

பணம் திரும்பும் காலம் இரண்டு ஆண்டு, பெரிய இயந்திரத்தைவிட விரைவு. மொத்த வருவாய் விகிதம் 150, பெரியதற்கு 180. ஆண்டுக் கணக்கில் சின்னதற்கு 30, பெரியதற்கு 25.7. ஒரு அளவுகோல் ஒன்றைக் காட்டுகிறது, இன்னொன்று மற்றதைக் காட்டுகிறது. அக்கா என்னைப் பார்த்தார்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. பெரிய இயந்திரத்தை முழுதாகப் பார்க்காமல், சின்னதைவிட அதற்குக் கூடுதலாகப் போடும் பணத்தை மட்டும் தனி முதலீடாகப் பாருங்கள். கூடுதல் முதல் 76,000. கூடுதல் மிச்சம் ஆண்டுக்கு 28,000. அந்தக் கூடுதல் பணம் திரும்ப இரண்டு ஆண்டு எட்டு மாதத்துக்குச் சற்று மேல். சின்னது தேய்ந்துபோகும் ஐந்தாவது ஆண்டு முடிவில் கூடுதல் பணம் 1,40,000 கொண்டுவந்திருக்கும். முதல் போக 64,000 நிகரம், அதற்குப் பிறகும் பெரியது இரண்டு ஆண்டு ஓடும். 7 விழுக்காட்டுக் கடனில் இது தாராளமாகத் தாங்கும்.

விழுக்காடு கூடுதலாக இருப்பதாலேயே சின்னதை வாங்கினால், கடையைச் சிறிதாக வைத்துக்கொண்டதற்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் போலத்தான் ஆகும். ஆண்டுக்கு 12,000-க்கும் 40,000-க்கும் உள்ள வித்தியாசத்தை விழுக்காடு காட்டாது. அதே சமயம், கையில் 30,000 வெள்ளிதான் இருக்கிறது, கடனும் கிடைக்காது என்றால், அப்போது சின்னதுதான் சரி.

ஆறாம் படி: விற்பனை சரிந்தால்

பை எண்ணிக்கை முப்பது விழுக்காடு குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். சரக்கு மிச்சமும் பை மிச்சமும் சேர்ந்து 18,000-லிருந்து 12,600-க்கு இறங்கும், ஓவர்டைம் மிச்சமே இருக்காது. ஆள் மிச்சம் அப்படியே நிற்கும், பராமரிப்புச் செலவும் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 30,600. பணம் திரும்ப மூன்று ஆண்டு மூன்று மாதம். நீட்டித்த ஒப்பந்தத்துக்குள் அது அடங்குகிறது, நீட்டிக்காத ஒப்பந்தத்துக்குள் அடங்காது. எல்லா எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதோ அந்த ஒன்றை மாற்றிப் பார்த்தால் போதும்.

மானியமும் வரியும்

மானியத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். இயந்திர விலையில் பாதி, 44,000 வெள்ளி, கிடைப்பதாக வைத்தால் முதல் 56,000-ஆகக் குறைகிறது. பணம் திரும்பும் காலம் பதினேழு மாதத்துக்கு வருகிறது, மொத்த விகிதம் 400-க்குத் தாவுகிறது. இந்த எண்ணை முதலில் பார்த்துவிட்டால் மோசமான இயந்திரமும் அழகாகத் தெரியும். மானியம் இல்லாமலே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சேருங்கள்.

இன்னொன்று, மானியம் பொதுவாகச் செலவு செய்த பிறகு திரும்பத் தரப்படுவது. முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே கையெழுத்திட்டாலோ முன்பணம் கட்டினாலோ தகுதி போய்விடும். என்னிடம் வரும் வேறொருவர் விற்பவரின் அவசரத்துக்காக முன்பணம் கட்டிவிட்டு, பாதி விலையை இழந்தார். விகிதமும் நிபந்தனையும் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, நிறுவன வரி 17 விழுக்காடு. இயந்திரத்தின் விலையை மூன்று ஆண்டில் சம பங்காகக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு இயந்திரங்களையும் ஒரே முறையில் ஒப்பிடும்வரை வரிக்கு முன் கணக்கே போதும்.

வாங்கிய பிறகு

அக்கா நீட்டிப்புக் கடிதம் வாங்கினார், மானியத்துக்கு விண்ணப்பித்தார், அதன் பிறகே பெரிய இயந்திரத்துக்குக் கையெழுத்திட்டார். தீபாவளிப் பரபரப்பில் பழகும் நிலை வராமல் இருக்க, பொங்கல் முடிந்ததும் பொருத்தினோம். சராசரி எடை, ஓவர்டைம் மணி, பராமரிப்புச் செலவு என்று மூன்றை மட்டும் மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன்.

ஆறாவது மாதம் பார்த்தால் சராசரி எடை 203.5. கணக்கில் வைத்தது 202. அந்த ஒன்றரை கிராம் ஆண்டுக்கு 4,500 வெள்ளி. காரணத்தைத் தேடினோம். எடை போடும் கிண்ணங்களுக்குச் சரக்கைக் கொண்டுபோகும் அதிரும் தட்டுகளில் எண்ணெயும் தூளும் படிந்து, சில கிண்ணங்களில் சரக்கு குவியலாகவும் சிலவற்றில் கொஞ்சமாகவும் விழுந்தது. ஒவ்வொரு கிண்ணத்திலும் சின்ன அளவு இருந்தால்தான், சிலவற்றைச் சேர்த்து 200-க்கு மிக அருகில் வரும் கூட்டணியை இயந்திரம் தேர்ந்தெடுக்க முடியும். குவியல் விழுந்தால் தேர்வு குறையும், எடை கூடும். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன் தட்டுகளைத் துடைக்கிறார்கள். போன வாரம் ஐம்பது பையை நிறுத்தோம், 202.3 வந்தது.